பணம் இருந்தும் கைமாறாத இரண்டு நாட்கள்: ரெப்போ சந்தை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ரெப்போ என்பது பத்திரத்தை அடகு வைத்துப் பணம் வாங்குவதுதானே? இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

பாதி சரி. நடப்பது அடகு போலத்தான், ஆனால் எழுத்தில் அது விற்பனை. பத்திரங்களை வாங்கி விற்கும் டீலர் இன்று ஒரு பத்திரத்தை விற்கிறார். நாளைக் காலை சற்றே கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாக அதே ஒப்பந்தத்தில் சொல்லிவிடுகிறார். அந்தக் கூடுதல்தான் வட்டி. விற்பனை என்று எழுதுவது வெறும் சம்பிரதாயம் இல்லை. டீலர் நாளை பணத்தோடு வராமல் போனால், பணம் கொடுத்தவர் டீலரின் திவால் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்; கையிலிருக்கும் பத்திரத்தை உடனே விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு டீலரிடம் 10.2 கோடி டாலர் மதிப்புள்ள அமெரிக்க அரசுப் பத்திரங்கள் இருக்கின்றன. அவற்றைக் கொடுத்து, பிறர் போட்டுவைத்த பணத்தைக் குறுகிய காலக் கடனாகத் தரும் பணச்சந்தை நிதி ஒன்றிடம் 10 கோடி வாங்குகிறார். விட்டுக்கொடுத்த 20 லட்சம், பத்திர விலை இறங்கினால் தாங்குவதற்கு. தொழிலில் இதை ஹேர்கட் என்பார்கள். வட்டி ஆண்டுக்கு 2.2 சதவீதம், ஆண்டுக்கு 360 நாள் கணக்கு. ஓர் இரவுக்கு 6,111 டாலர் வருகிறது. காலையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அன்றைக்கே மறுபடி வாங்குவார். பத்திரங்கள் வாடிக்கையாளருக்கு விற்றுப் போகும்வரை தினமும் இதே கதைதான். டீலரின் சொந்தப் பணம் அதில் கொஞ்சம்தான்.

கேள்வி: இவ்வளவு பாதுகாப்பான கடனுக்கு 2019 செப்டம்பரில் அமெரிக்காவில் 10 சதவீதம் வரை வட்டி போயிற்றே! ஏதோ ஒரு பெரிய வங்கி கவிழ இருந்தது, அமுக்கிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அப்படி நினைக்கத் தோன்றும், 2008-ஐப் பார்த்தவர்களுக்கு இன்னும் அதிகமாகவே தோன்றும். ஆனால் சந்தேகம் ஒருவர் மேல் என்றால் சந்தையில் அது வேறு விதமாகத் தெரியும். அந்த ஒருவருக்கு மட்டும் வட்டி ஏறும், ஹேர்கட் கூடும், கடைசியில் நல்ல பத்திரத்தைக் காட்டினாலும் "இன்றைக்கு வேண்டாம்" என்பார்கள். 2008 மார்ச்சில் பேர் ஸ்டெர்ன்ஸ் என்ற முதலீட்டு வங்கிக்கு அதுதான் நடந்தது. 2019-இல் வட்டி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஏறியது, அதுவும் அரசுப் பத்திரத்தின் மேல். ஆளைப் பற்றிய பயம் என்றால் இப்படி இருக்காது. ரொக்கம்தான் குறைந்திருந்தது.

ஏன் குறைந்தது என்பதுதான் சுவாரசியம். செப்டம்பர் 16, திங்கட்கிழமை, நிறுவனங்கள் வரி கட்ட வேண்டிய நாள். அவை பணச்சந்தை நிதிகளில் போட்டிருந்ததை எடுத்து அரசுக்குக் கட்டின. அதே நாளில் முந்தைய வாரம் ஏலம் போன அரசுப் பத்திரங்களுக்கும் பணம் செலுத்த வேண்டியிருந்தது; நிகரமாகச் சுமார் 5,400 கோடி டாலர். ஒருபக்கம் டீலர்களுக்குக் கடன் தேவை கூடியது, மறுபக்கம் கடன் கொடுப்பவர்களின் கையிருப்பு குறைந்தது.

இதில் பலர் தவறவிடும் ஓர் இடம் உண்டு. ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் போனால் மொத்தம் குறையாது. ஒருவரிடம் இல்லையென்றால் மற்றவரிடம் கேட்கலாம். வரியும் பத்திரப் பணமும் போனது அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வில் அரசு வைத்திருக்கும் கணக்குக்கு. அங்கே போன பணம், அரசு செலவழிக்கும்வரை வங்கிகளுக்கு இல்லாத பணம். இரண்டு நாளில், வங்கிகள் அதே மத்திய வங்கியில் வைத்திருக்கும் பணமான ரிசர்வ் சுமார் 12,000 கோடி டாலர் இறங்கி, 1.4 லட்சம் கோடிக்குக் கீழே வந்தது. வங்கிகள் தங்களுக்குள் எவ்வளவு கடன் கொடுத்துக்கொண்டாலும் அந்த மொத்தத்தைக் கூட்ட முடியாது.

கேள்வி: வங்கியின் கருவூலப் பிரிவில் பல ஆண்டு இருந்தவன் நான். 10 சதவீதம் என்பது செப்டம்பர் 17 அன்று நடந்த சில வியாபாரங்கள் மட்டும். ஓர் இரவு ரெப்போவின் அன்றாட வட்டி அளவீடான சோஃபர் 5.25-இல்தான் நின்றது. வங்கிகளுக்கிடையே பிணையில்லாமல் நடக்கும் ஃபெடரல் ஃபண்ட்ஸ் 2.30-ஐத் தாண்டவில்லை. நீங்கள் பூதாகரமாக்குகிறீர்கள்.

எண்கள் சரி. சோஃபர் என்பது அன்றைய வியாபாரங்களின் தொகையை வைத்து எடுக்கும் நடு எண். அப்படியென்றால் பணத்தில் பாதி 5.25-க்கோ அதற்கு மேலோ கைமாறியது என்று பொருள். இதைச் சிறியது என்று எப்படிச் சொல்வது? நம்ம டீலருக்கு அந்த இரவு 6,111 டாலருக்குப் பதில் 14,583 போயிருக்கும். 2.30-உம் லேசானதில்லை, அன்றைய இலக்கு வரம்பு 2.00 முதல் 2.25 வரை. மத்திய வங்கி தன் சொந்த வரம்பைத் தாண்டவிட்டது.

ஆனால் உங்கள் பேச்சில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. பிணை உள்ள கடனுக்கு 5.25, பிணையில்லாததற்கு 2.30! தலைகீழாக இருக்க வேண்டாமா? ஃபெடரல் ஃபண்ட்ஸில் கடன் கேட்பவை வங்கிகள்; அவற்றுக்கு மத்திய வங்கியில் கணக்கு உண்டு, அவசரமும் குறைவு. ரெப்போவில் அன்று வரிசையில் நின்றவர்கள் டீலர்கள். பணம் கிடைக்காவிட்டால் வாங்கிய பத்திரத்துக்குக் காசு கட்ட முடியாது. விலை கேட்காமல் வாங்குவார்கள்.

கேள்வி: என் வீட்டுக் கடன் ரெப்போ விகிதத்தோடு இணைந்தது. இப்படி ஒரே ராத்திரியில் ஏறினால் என் மாதத் தவணையும் ஏறிவிடுமா?

ஏறாது. உங்கள் கடன் ஒப்பந்தத்தில் இருப்பது மத்திய வங்கி கூடி அறிவிக்கும் கொள்கை விகிதம். நாம் இங்கே பேசுவது சந்தையில் காலையில் பேரம் பேசி முடியும் விலை. பெயர் ஒன்று, ஆள் வேறு.

கேள்வி: வங்கிகளிடம் 1.4 லட்சம் கோடி இருந்ததல்லவா? மத்திய வங்கியில் வைத்தால் 2.10, வெளியே கொடுத்தால் 5-க்கு மேல். ஏன் கொடுக்கவில்லை?

இதற்கு ஒரே பதில் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரிசர்வ் சில பெரிய வங்கிகளிடமே குவிந்திருந்தது. அவை பகல் முழுக்க நடக்கும் பட்டுவாடாவுக்கும் கண்காணிப்பாளர்களின் எதிர்பார்ப்புக்கும் ஒரு தொகையைத் தொடாமல் வைத்திருக்கும். அது எவ்வளவு என்பது அவர்களுக்குத்தான் தெரியும். விதிமுறைதான் கையைக் கட்டியது என்று வங்கிக்காரர்கள் சொன்னார்கள். என் கணிப்பில் பழக்கமும் ஒரு காரணம்: காலை எட்டரைக்குள் பெரும்பாலான பேரம் முடிந்துவிடும், அதற்குள் இவ்வளவு பெரிய தொகையை நகர்த்த முடிவெடுப்பது எளிதல்ல.

கேள்வி: கடைசியில் எப்படி அடங்கியது?

17-ஆம் தேதி காலை நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி தானே ரெப்போவில் இறங்கியது. 7,500 கோடி டாலர் வரை தருவதாக அறிவித்தது. முதல் முயற்சி தொழில்நுட்பக் கோளாறில் ரத்து, எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்! சற்று நேரத்தில் மறுபடி நடத்தியபோது சுமார் 5,300 கோடியை டீலர்கள் எடுத்துக்கொண்டார்கள். மறுநாளே சோஃபர் 2.55-க்கு இறங்கிவிட்டது. அக்டோபரில், மாதம் 6,000 கோடி டாலர் அளவில் குறுகிய காலக் கருவூலப் பத்திரங்களை வாங்கி ரிசர்வைக் கூட்டத் தொடங்கினார்கள். 2021 ஜூலையில், கேட்கும்போது கிடைக்கும்படி நிரந்தர ரெப்போ வசதியையே திறந்து வைத்தார்கள்.

கேள்வி: அப்படியானால் எவ்வளவு ரிசர்வ் இருந்தால் போதும் என்று இப்போது தெரியுமா?

இல்லை. 2019-இலும் வங்கிகளிடம் கேட்டுக் கேட்டுத்தான் கணக்கு வைத்திருந்தார்கள். வங்கிகள் சொன்ன குறைந்தபட்சத்துக்கும் அன்று நடந்துகொண்ட விதத்துக்கும் பொருத்தமில்லை. நான் பார்ப்பது மாதக் கடைசியையும், வரி கட்டும் நாட்களையும், பெரிய ஏலத்துக்குப் பணம் கட்டும் நாட்களையும்தான். அந்த நாட்களில் சோஃபர், மத்திய வங்கி ரிசர்வுக்குத் தரும் வட்டியைத் தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகத் தொடங்கினால், ஒதுக்கி வைத்ததை எடுக்க யாருக்கும் மனசில்லை என்று எடுத்துக்கொள்வேன்.