நெல்லி டீனுக்கு நற்சான்று கொடுத்தது யார்?

அன்புள்ள ஐயா,
குடியாத்தத்தில் இளங்கலை ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். எமிலி பிராண்டேயின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலில் வீட்டுப் பணிப்பெண் நெல்லி டீன் நம்பத்தக்க கதைசொல்லி என்று வகுப்புக் குறிப்பில் உள்ளது. அவளிடம் கதை கேட்டு நமக்குச் சொல்லும் லாக்வுட்டே அவளை ‘மிக நியாயமான கதைசொல்லி’ என்று சொல்லும் வரியும் மேற்கோளாக இருக்கிறது. இணையத்தில் அவளை நம்பக்கூடாது என்கிறார்கள். தேர்வில் எதை எழுதுவது? முழு நாவலையும் படிக்க நேரமில்லை.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

தேர்வுக்கு எது உகந்தது என்பதை உங்கள் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நேரமில்லை என்பதற்கு என்னிடம் பதிலில்லை. இலக்கியம் படிக்க வந்துவிட்டு நாவலைப் படிக்க நேரமில்லை என்று கூசாமல் எழுதுகிறீர்கள். ஆனால் வரிகளை நறுக்கித் தரும் குறிப்புகள் ஒரு நாவலை என்ன செய்துவிடுகின்றன என்று நானும் சில காலமாக யோசித்துவருவதால் எழுதுகிறேன்.

உங்கள் குறிப்பில் உள்ள வரி 15ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் வருகிறது. அதற்குச் சற்று முன்பே, நெல்லியின் கதையை அவள் சொற்களிலேயே, ஆனால் கொஞ்சம் சுருக்கித் தரப்போவதாக லாக்வுட் சொல்லிவிடுகிறான். சான்று கொடுப்பவனே கத்தரியும் வைத்திருக்கிறான். அவன் பார்வை எப்படிப்பட்டது? 2ஆம் அத்தியாயத்தில் செத்த முயல்களின் குவியலைப் பூனைகள் என்று எண்ணி, வீட்டுப் பெண்ணிடம் அவற்றைப் பற்றி நயமாகப் பேசுகிறான். தனக்கு வீடு வாடகைக்கு விட்ட ஹீத்கிளிஃபின் மருமகளை ஹீத்கிளிஃபின் மனைவி என்று நினைக்கிறான். இவன் தரும் சான்றை எவ்வளவு தூரம் நம்புவது?

இனி நெல்லி. 9ஆம் அத்தியாயத்தில், செல்வந்தன் எட்கரை மணக்கச் சம்மதித்துவிட்ட வீட்டுப் பெண் கேத்தரின் அடுப்படியில் அவளிடம் மனம் திறக்கிறாள். தன்னோடு வளர்ந்த, தான் நேசிக்கும் ஹீத்கிளிஃபை இப்போது மணந்தால் தனக்கு இழிவு என்கிறாள். இருக்கையின் மறுபுறம் பெஞ்சில் இருந்த ஹீத்கிளிஃப் எழுந்து ஓசையில்லாமல் வெளியேறுவதை நெல்லி பார்த்துவிடுகிறாள். இருக்கையின் முதுகு மறைப்பதால் கேத்தரினுக்கு அது தெரியாது. நெல்லி அவளைப் பேசாதே என்று அடக்குகிறாள். ஏன் என்று கேட்டதும், வண்டிச் சத்தம் கேட்ட சாக்கில் வேலைக்காரன் ஜோசப் வந்துவிட்டான் என்கிறாள். கேத்தரின் மேலும் பேசி, ‘நானே ஹீத்கிளிஃப்’ என்ற புகழ்பெற்ற வரிக்கு வரும்போது அதைக் கேட்க வேண்டியவன் அங்கே இல்லை. குறிப்புகள் அந்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஜோசப் வந்துவிட்டான் என்ற சமாளிப்பை விட்டுவிடுகின்றன.

ஆரணியில் என் பெரியம்மா, எங்கள் குடும்பத்தில் ஒரு சம்பந்தம் முறிந்த கதையைச் சொல்லும்போதெல்லாம் “நான் என்னத்தைக் கண்டேன்” என்றுதான் தொடங்குவார். பேச்சு நடந்த கூடத்தில் வெற்றிலைத் தட்டோடு நின்றவர் அவர் ஒருவர்தான். சொன்னதில் பொய் இல்லை. தான் வாய் திறந்திருக்கலாமே என்பது மட்டும் கதையில் வராது.

நெல்லியும் லாக்வுட்டிடம் பொய் சொல்வதில்லை. ஜோசப் பெயரைச் சொல்லிச் சமாளித்ததை அவளே மறைக்காமல் சொல்கிறாள். அன்றிரவு ஹீத்கிளிஃபைக் காணாதபோது, அவன் பெரும்பகுதியைக் கேட்டுவிட்டான் என்று கேத்தரினிடம் கிசுகிசுக்கவும் செய்கிறாள். அப்போது காலம் கடந்துவிட்டது. நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை அவளை நம்பலாம். தன் பங்கை அவள் எடைபோடும் இடத்தில்தான் நம்ப முடியாது. 12ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள்: கேத்தரினின் நோயில் ஒரு பகுதி நடிப்பு என்று எண்ணி எட்கரிடம் சொல்லாமல் இருந்துவிடுகிறாள், பிறகு அதற்கும் ஒரு நியாயம் வைத்திருக்கிறாள்.

ஆகவே ‘நம்பலாமா, கூடாதா’ என்று ஒரே சொல்லில் விடை தேடாதீர்கள். நெல்லி ஒன்றைச் செய்யும் வரியையும், அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் வரியையும் அருகருகே எடுத்து எழுதுங்கள். அதற்கு 9ஆம், 12ஆம் அத்தியாயங்களையாவது படித்தாக வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பிற்பகல் போதும்.