லக்ராஞ்சியின் பெருக்கி λ எதற்கு?

"நிபந்தனையோடு பெரும மதிப்பு தேடும்போது λ எங்கிருந்து வருகிறது? அதற்கு ஏதாவது பொருள் உண்டா?"

சுவரை ஒட்டி 40 மீட்டர் வேலியால் மூன்று பக்கம் அடைக்கிறோம். சுவருக்குச் செங்குத்தான இரு பக்கங்களும் x, சுவருக்கு இணையான பக்கம் y. பரப்பு f = xy, நிபந்தனை 2x + y = 40. பெரும இடத்தில் f-இன் சமமதிப்புக் கோடு நிபந்தனைக் கோட்டை வெட்டாமல் தொட்டு நிற்கும். வெட்டினால் கோட்டிலேயே நகர்ந்து பரப்பைக் கூட்டிவிடலாமே! தொடும் இடத்தில் இரண்டின் சரிவுத் திசையன்களும் ஒரே கோட்டில் அமையும். அவற்றின் விகிதம்தான் λ. f-இன் சரிவுத் திசையன் (y, x), நிபந்தனையின் சரிவுத் திசையன் (2, 1); ஆகவே (y, x) = λ(2, 1).

```
y = 2λ,  x = λ
2λ + 2λ = 40  →  λ = 10
x = 10, y = 20, f = 200
```

சரி, இது பெருமம்தானா? சமன்பாடுகள் அதைச் சொல்லாது, சோதிக்க வேண்டும். x = 9, y = 22 என்றால் 198; x = 11, y = 18 என்றாலும் 198. ஆக, பெருமம்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது λ-இன் பொருள்: வேலி 1 மீட்டர் கூடினால் பரப்பு ஏறக்குறைய 10 சதுர மீட்டர் கூடும். 41 மீட்டருக்குக் கணக்கிட்டால் 210.125.