ஃபிளாஷ் போட்டு எடுத்த கண்ண வச்சு நான் என்னத்த சொல்ல?

இந்தத் தடவ வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே வரிதான், "ஐயா ஆட்டுக்கு என்ன வருத்தம்?", கூடவே இருட்டுல எடுத்த ஒரு போட்டோ. வயசு இல்ல, கெடாவா பெட்டையான்னு இல்ல, அசை போடுதா புழுக்க எப்படி போகுதுன்னு ஒண்ணும் இல்ல. அப்படி வந்ததையெல்லாம் ஒதுக்கி வச்சிட்டேன், கோவிக்காதீங்க. மிச்சத்துக்குப் பதில் கீழ இருக்கு.

நானுஓயால இருந்து: காலைல பார்த்தா முடி எல்லாம் சிலிர்த்து நிக்குது, முதுகையும் லேசா கூனிக்கிட்டு நிக்குது. மிருக டாக்டர கூப்பிடவா?

போட்டோ எடுத்த நேரம் ஆறு மணின்னு நீங்களே எழுதியிருக்கீங்க, பின்னாடி மிஸ்ட்டு வேற அப்படியே தெரியுது. அந்தக் குளிருக்கு நானே அப்படித்தான் நிப்பேன். முடிய நிமித்தி வச்சா உள்ள சூடு நிக்கும், அதுக்குத்தான் அது. பத்து மணிக்கு வெயில் வந்து ஒடம்பு காஞ்சதுக்கு அப்புறம் அதே ஆட்ட அதே எடத்துல வச்சு இன்னொரு போட்டோ எடுங்க. அப்பவும் முடி பளபளப்பில்லாம நிமிந்து நின்னா, முதுகு கூனியே இருந்தா, தழைய மோந்து பாத்துட்டு விலகுனா, அப்போ கூப்பிடுங்க.

மஸ்கெலியா: புதுசா வாங்குன ஆட்டோட கண்ணுமணி வட்டமா இல்லாம படுக்கையா கோடு மாதிரி இருக்கு. கண் வருத்தமா?

இல்ல. எல்லா ஆட்டுக்கும் அப்படித்தான்.

பொகவந்தலாவ: தாடைக்குக் கீழ பை மாதிரி வீங்கியிருக்கு, தொண்ட வருத்தம்னு பக்கத்து லயத்துல சொல்றாங்க. காலைல கொறையுது, சாயந்தரம் கூடுது. புழுக்க நல்லாத்தான் போடுது. கண்ணு ரப்பைய இழுத்து போட்டோ எடுத்தேன், நல்ல செவப்பாத்தான் இருக்கு, அப்போ ரத்தம் இருக்குதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் தம்பி நான் இன்னைக்கு பேனாவே எடுத்தேன். போட்டோ ராத்திரி எட்டு மணிக்கு ஃபிளாஷ் போட்டு எடுத்தது, ஆட்டுக் கண்ணுக்குள்ள பச்ச வெளிச்சம் அடிக்குது, தலைக்கு மேல மஞ்ச பல்ப். இதுல செவப்புன்னு சொல்றது ஆட்டோட ரத்தம் இல்ல, ஒங்க போனோட வேல. போனுங்க தோல் நெறத்தப் பாத்தா கொஞ்சம் செவப்ப ஏத்தி அழகாக்கிக் குடுக்கும், கல்யாண வீட்டு போட்டோவுக்கு சரி, ஆட்டுக் கண்ணுக்கு இல்ல. ஃபிளாஷ் போடாதீங்கன்னு எத்தனையாவது தடவ சொல்றேனோ தெரியல. நீலத் தறப்பாள் கட்டுன கொட்டிலுக்குள்ளயும் எடுக்காதீங்க, அதுல நல்ல ஆடு கூட செத்த ஆடு மாதிரி தெரியும்.

நீங்க சொன்ன மத்த விஷயம்தான் எனக்குப் பயத்தக் குடுத்துச்சு. தொண்ட வருத்தத்துல வர்ற கட்டி காலைல வத்தி சாயந்தரம் ஊதாது. இது தண்ணி. பகல் முழுக்க தலையக் குனிஞ்சு மேயும்போது தண்ணி தாடைக்கு எறங்கும், ராத்திரி படுத்து தலையத் தூக்கி வச்சிருந்தா வத்தும். ரத்தத்துல புரதம் கொறஞ்சாதான் இப்படி தண்ணி கசியும், நம்ம பக்கத்துல அதுக்கு மொத காரணம் ஆட்டோட நாலாவது வயித்துல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கிற முறுக்குப் புழு, ஹீமோங்கஸ்னு சொல்றது. மழையும் ஈரப் புல்லும் அதுக்குத் தீவாளி மாதிரி. ஒரு புழு ஒரு நாளைக்கு சுமாரா 0.05 மில்லி குடிக்குது, கேக்க ஒண்ணுமில்லாத மாதிரிதான் இருக்கும். ஆயிரம் புழுன்னா 50 மில்லி. இருபது கிலோ ஆட்டுல மொத்தமே ஒண்ணே கால், ஒண்ணரை லீட்டர் ரத்தம்தான். மூணு நாலாயிரம் புழு இருந்தா எத்தனை நாளைக்குத் தாங்கும், நீங்களே கணக்குப் போடுங்க. புழுக்க நல்லா இருக்குன்னு நிம்மதியா இருந்தீங்க பாருங்க, அதுலதான் நெறைய பேர் ஏமாறுறாங்க. இந்தப் புழுவுக்கு பெரும்பாலும் கழிச்சல் இருக்காது, ரத்தம் மட்டும் எறங்கிக்கிட்டே இருக்கும்.

அதனால பகல்ல திரும்ப எடுக்கச் சொன்னேன். எப்படின்னு எல்லாருக்குமா சேத்து எழுதுறேன். வெளிய, நிழல்ல, நேர் வெயில் இல்லாம. ஒருத்தர் ஆட்டக் கால் இடுக்குல பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் கண்ணப் பாக்கணும். ஒரு பெருவிரலால மேல் ரப்பைய கண்ணு மேல மூடி லேசா உள்ள அழுத்தணும், மத்த பெருவிரலால கீழ் ரப்பைய கீழ இழுக்கணும், அப்போ உள் சதை தானா வெளிய பிதுங்கும். அதோட நெறத்தத்தான் பாக்கணும், ரப்பையோட வெளி ஓரத்த இல்ல. ரெண்டு மூணு செக்கனுக்குள்ள பாத்து விட்டுரணும், திருப்பித் திருப்பி இழுத்தா வெளுத்த கண்ணும் செவந்துரும். ரெண்டு கண்ணும் பாருங்க, எது வெளிறிக் கெடக்கோ அதத்தான் கணக்குல எடுக்கணும். பக்கத்துல ஒரு வெள்ளத் தாள் தெரியுற மாதிரி பிடிங்க. எல்லாத்துக்கும் மேல, கொட்டில்ல நல்லா தின்னுட்டு திரியுற இன்னொரு ஆட்டோட கண்ண, அதே எடத்துல, அதே நிமிஷத்துல எடுத்து சேத்து அனுப்புங்க. ஒரு போட்டோ பொய் சொல்லும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா அவ்வளவு லேசா சொல்ல ஏலாது.

தம்பி மறுநாள் பத்து மணிக்கு ரெண்டு ஆட்டையும் எடுத்து அனுப்பினார். நல்ல ஆட்டுக்கு உள் சதை பழுத்த கொய்யா மாதிரி, வருத்தக்கார ஆட்டுக்கு வெள்ளப்பூண்டுத் தோல் மாதிரி. மொத நாள் செவப்புன்னு சொன்ன அதே கண்ணுதான். தென்னாபிரிக்காவுல இதுக்குன்னே ஃபமாச்சான்னு ஒரு அட்ட செஞ்சிருக்காங்க, செவப்பு ஒண்ணு, வெள்ள அஞ்சு. வெள்ளாட்டுக்கு மூணுல இருந்தே மருந்து குடுக்கணும், இது அஞ்சு. அந்த அட்டைய போன்ல பாத்து ஒப்பிடாதீங்க, திரைக்குத் திரை கலர் மாறும்.

உடனே மிருக வைத்தியர கூட்டிட்டு வரச் சொன்னேன். ஆட்ட அவர்கிட்ட கொண்டு போக வேணாம்னும் சொன்னேன். ரத்தம் இல்லாத ஆட்ட லயத்துல இருந்து ரோட்டுக்குப் படி ஏத்தி நடக்க வச்சா பாதி வழியில விழுந்துரும், என் கண்ணு முன்னாடியே அப்படி ஒண்ணு போச்சு, அத நடத்திக் கூட்டிட்டுப் போகச் சொன்னவனும் நான்தான். இன்னொண்ணு, கண்ணு வெளுத்தா ரத்தம் இல்லன்னு மட்டும்தான் தெரியும், ஏன் இல்லன்னு தெரியாது. ஈரல் தட்டப்புழு, பேன், உண்ணி எல்லாமே ரத்தத்தக் கொறைக்கும். அதனால டாக்டர் வர்ற முன்ன காலைப் புழுக்கைய ஒரு டப்பால எடுத்து வைங்க, முட்டை இருக்கான்னு பாக்கலாம். போன வருஷம் வாங்கி மிச்சம் வச்ச பூச்சி மருந்த ஊத்திட்டு "குடுத்துட்டேன் ஐயா"ன்னு எழுதாதீங்க, பழகிப்போன மருந்துக்கு இந்தப் புழு அசையாது. செம்மறிக்கு எழுதியிருக்கிற அளவு வெள்ளாட்டுக்கு அனேகமா பத்தாது. அளவ டாக்டர்தான் சொல்லணும்.

ஆடு இப்ப எழும்பித் தின்னுதாம். வீக்கம் வத்த நாளாகும், ஒவ்வொரு நாளும் எழுதிக் கேக்காதீங்க.

தலவாக்கலை: காயடிச்ச கெடா, காலப் பின்னுக்கும் முன்னுக்கும் நீட்டிக்கிட்டு முக்குது, வால ஆட்டுது. மலச்சிக்கல்னு நல்லெண்ண குடுத்தோம்.

போட்டோல நிக்கிற நிலையப் பாத்தாலே நெஞ்சு அடிக்குது. இது மலம் இல்ல, மூத்திரம். கல் அடைச்சிருக்கு. ஒண்ணுக்குப் போற எடத்து முடியில மணல் மாதிரி துகள் ஒட்டியிருக்கான்னு பாருங்க, ஒரு சொட்டாவது வருதான்னு பாருங்க. தவிடு, மாஸ் தீவனம் நெறைய போட்டு தண்ணி கொறைவா குடிக்கிற கெடாவுக்கு வர்றது, காயடிச்சதுக்கு இன்னும் சுலபமா வரும். மூத்திரம் வராட்டி மூத்திரப்பை வெடிக்கும், ஒரு நாள் ரெண்டு நாள்தான் கெடு. நீங்க கேள்வி அனுப்பி நாலு நாளாச்சு. முக்குற கெடாவுக்கு எனக்கு எழுதாதீங்க, போன எடுத்து டாக்டருக்கு அடிங்க.

லிந்துலை: கோயில் பூச சோத்த ஆடு ஒரு சட்டி தின்னுடுச்சு, வயிறு ஊதின மாதிரி இருக்கு. போட்டோ இருக்கு.

போட்டோ வலது பக்கம். ஆட்டோட பெரிய வயிறு இடது பக்கம். பின்னாடி நின்னு, ரெண்டு பக்கமும் தெரியுற மாதிரி எடுத்தாதான் இடது பள்ளம் ரொம்பியிருக்கா, மேல ஏறியிருக்கான்னு தெரியும். ஆனா சோறு ஒரு சட்டின்னா போட்டோவுக்குக் காத்திருக்க வேணாம், வயித்துல புளிச்சு ரத்தத்தக் கெடுத்துரும். பல்லக் கடிச்சுக்கிட்டு, காது தொங்கி, அசை போடாம நின்னா இன்னைக்கே கூப்பிடுங்க. மேல இன்னும் தவிடு வைக்காதீங்க.

ஹப்புத்தளை: வெள்ள ஆடு, காதும் மூக்கும் தோல் உரியுது, கண்ணுல மஞ்சள் தெரியுது. சொறியா?

மஞ்ச பல்புல எடுத்திருந்தா இதையும் ஒதுக்கியிருப்பேன், நல்லவேளை வெளிச்சத்துல எடுத்திருக்கீங்க, கண்ணு வெள்ளையே மஞ்சளாத்தான் இருக்கு. சொறின்னா அரிப்பு இருக்கும், தூண்ல ஒரசும், கருப்பு முடி வெள்ள முடின்னு பாக்காது. ஒங்க ஆட்டுக்கு வெயில் படுற வெள்ள எடத்துல மட்டும் உரியுது. உன்னிச்செடி, சிங்களத்துல கந்தபானன்னு சொல்றது, அதத் தின்னு ஈரல் கெட்டா இப்படித்தான் வரும். இருட்டான கொட்டில்ல கட்டி வைங்க, வெயில்ல விடாதீங்க, டாக்டர கூப்பிடுங்க, வேலியில என்ன பூத்திருக்குன்னும் போய்ப் பாருங்க.

பதுளை: ஆடு படுத்தே இருக்கு, போட்டோ அனுப்பியிருக்கேன்.

படுத்த ஆட்டோட போட்டோவுல படுத்த ஆடுதான் தெரியும். ஒரு நிமிஷ வீடியோ எடுங்க, எழுப்பி நடக்க விட்டு. கண்ணும் தெளிவா இருந்து, தீனியும் தின்னு, பின்னங்கால் மட்டும் இழுபட்டு குளம்பு மடங்கிப் போனா, மாட்டுல இருக்கிற செட்டேரியா புழுவோட குஞ்சு கொசு கடிச்சு ஆட்டோட முதுகுத் தண்டுக்குப் போயிருக்கலாம். பக்கத்துல மாட்டுக் கொட்டில் இருக்கான்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. காலு இழுக்க ஆரம்பிச்ச ஒடனே மருந்து குடுத்தா ஓரளவு நிமிரும், படுத்த பெறகு கஷ்டம்.

கந்தப்பளை: போட்டோ பாத்து ஊசி பேர் மட்டும் சொல்லுங்க ஐயா, நாங்களே போட்டுக்கிறோம்.

மாட்டேன்.

ராகலை: காய்ச்சல் இருக்கான்னு போட்டோல தெரியுமா? காதத் தொட்டா ஜில்லுன்னு இருக்கு.

தெரியாது. ஒங்க ஊர் குளிருக்கு எந்த ஆட்டுக் காதும் ஜில்லுன்னுதான் இருக்கும், காய்ச்சல்கார ஆட்டுக் காதும் சேத்துத்தான். ஃபார்மசில ஒரு டிஜிட்டல் தேமாமீட்டர் வாங்கி, கொஞ்சம் எண்ண தடவி, பின்பக்கம் ஒரு அங்குலம் விட்டு, பக்கச் சுவரத் தொடுற மாதிரி சாய்ச்சு பிடிங்க. புழுக்கைக்குள்ள குத்தி வச்சா கொறையாக் காட்டும். பரனைட்ல 102, 103 சரி. 104க்கு மேலன்னா கூப்பிடுங்க. 100க்குக் கீழ எறங்கியிருந்தா அத விட வேகமா கூப்பிடுங்க. அந்த தேமாமீட்டர வீட்டுப் புள்ளைங்களுக்கு வைக்கிறதோட கலந்துறாதீங்க, நூல் ஒண்ணு கட்டி கொட்டில்லயே தொங்க விடுங்க.