ஆறு செட் சீருடை

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு. நெருங்கிய தோழி திடீரென்று, "நீங்க பணக்காரங்க" என்று சொல்லி வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாளாம். பள்ளியில் எல்லோருக்கும் ஒரே சீருடைதானே, வசதி எப்படித் தெரியும்? நாங்கள் பெருமை பேசுகிறவர்களும் இல்லை. மகளிடம் ஆறு செட் இருக்கிறது, சட்டை லேசாக மங்கினாலே மாற்றிவிடுவேன், அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் பொறாமையை எப்படிச் சமாளிப்பது? - ஒரு தாய்

பதில்: "அவ்வளவுதான்" என்று நீங்கள் தாண்டிப் போன இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது, அம்மா. பொறாமை என்ற சொல்லை முதலில் கீழே வையுங்கள்.

பள்ளி வருடத்துக்கு 200 நாள் என்று வையுங்கள். இரண்டே செட் உள்ள பிள்ளையின் சட்டை ஒவ்வொன்றும் 100 தடவை உடுத்தி, 100 தடவை துவைக்கப்படும். உங்கள் மகளுடையது ஒவ்வொன்றும் 33 தடவை. அதற்கும் முன்பே நீங்கள் மாற்றிவிடுகிறீர்கள். சீருடை நிறத்தையும் தையலையும்தான் ஒன்றாக்கும். துணியின் வயதை ஒன்றாக்காது. வெள்ளையில் அது சீக்கிரம் தெரியும். வியர்வை படிந்து காலர் மடிப்பு மஞ்சளாகும், நீலம் அதிகம் போட்டு மறைக்கப் பார்த்தால் திட்டுத் திட்டாக நிற்கும். பக்கத்தில் உட்காருகிற பெண்ணின் கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது.

நான் படித்தபோது என் பாவாடையின் ஓர மடிப்பை அம்மா வருடா வருடம் பிரித்து இறக்கிவிடுவார். மேலே வெளுத்த துணி, கீழே வெயில் படாத இரண்டு விரல் அகலத்துக்கு அடர்நிறப் பட்டை, நடுவில் பழைய மடிப்பின் வெள்ளைக்கோடு. எத்தனை தடவை இஸ்திரி போட்டாலும் அந்தக் கோடு போகாது. பையை முன்னால் பிடித்துக்கொண்டே நடப்பேன். அன்று வகுப்பில் இன்னும் நாலு பேருக்கு அந்தக் கோடு இருந்திருந்தால் பையைத் தோளிலேயே மாட்டியிருப்பேன்.

ஷூ, பை, கடிகாரம் பற்றி நீங்கள் எழுதவில்லை. அவற்றையும் ஒருமுறை பாருங்கள்.

சுத்தம் வேறு, புதுசு வேறு. துவைத்து இஸ்திரி போட்ட பழைய சட்டை சுத்தமான சட்டைதான். வசதி இருப்பது குற்றமில்லை. ஆனால் பிள்ளைகள் சமமாக உட்காரட்டும் என்று பள்ளி போட்ட ஏற்பாட்டைப் பணத்தால் கலைக்க எந்தப் பெற்றோருக்கும் உரிமை கிடையாது என்பது என் கட்சி. பிறகு அந்தச் சின்னப் பெண்ணைக் குற்றம் சொல்வது அதைவிட மோசம்.

மூன்று செட் போதும். வருடம் முழுக்க அதையே போடட்டும், வளர்ந்தால் ஓரத்தைப் பிரித்துவிடுங்கள். மீதியைத் தயவுசெய்து அந்தத் தோழிக்குக் கொடுத்துவிடாதீர்கள். தோழியின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் எப்படி அதே வகுப்பில் உட்காருவாள்? துவைத்து, பெயர் தைத்திருந்தால் பிரித்தெடுத்து, பள்ளி அலுவலகத்தில் கொடுங்கள். யார் கொடுத்தது, யாருக்குப் போனது என்று உங்கள் மகளுக்குக்கூடத் தெரிய வேண்டாம்.