பலகாரப் பெட்டியும் ஏஜென்ட் போடும் ‘இதர செலவும்’

கேள்வி: காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடி டைல்ஸ் ஏற்றுமதி செய்கிறோம். லண்டன் பார்ட்டி லஞ்சத் தடுப்பு ஆடிட்டுக்கு ஆள் அனுப்புகிறார்கள். தீபாவளிக்குக் கொடுத்த பலகாரப் பெட்டிகளுக்குப் பதிவேடு இல்லை. பழைய தேதி போட்டு எழுதிவிடலாமா? தூத்துக்குடி ஏஜென்ட் பில்லையும் பார்ப்பார்களா?

பதில்: எழுதாதீர்கள். வாடிக்கையாளருக்கு முறுக்கும் அதிரசமும் கொடுத்ததை யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள். பொய்ப் பதிவேடு கிடைத்தால், மற்ற கணக்கையும் நம்ப மாட்டார்கள்.

ஆடிட்டர் பதிவேட்டிலிருந்து தொடங்குவதில்லை, பலகாரக் கடை பில்லிலிருந்து தொடங்குவார். பில்லில் 60 பெட்டி, பதிவேட்டில் 45 பெயர் என்றால், மீதி 15 யார் வீட்டுக்குப் போனது என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம் கூரியர் சீட்டு, டிரைவர் பேட்டா வவுச்சர். ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதிய பக்கமும் கண்ணுக்குத் தப்பாது. அதனால் இன்றைய தேதியிலேயே, ‘பில்லைப் பார்த்துப் பின்னர் எழுதியது’ என்று தலைப்பிட்டு எழுதுங்கள். யாருக்கு, என்ன பதவி, என்ன மதிப்பு, யார் அனுமதித்தது, அப்போது அவரிடம் உங்கள் ஃபைல் ஏதும் நிலுவையில் இருந்ததா என்று குறியுங்கள். ஃபைல் வைத்திருக்கும் அதிகாரிக்குப் போன பெட்டி சின்னது என்றாலும் அதை மறைக்காதீர்கள்.

‘பழைய பதிவேடு போட்டு, லஞ்சத் தடுப்புக்கான ஐ.எஸ்.ஓ. 37001 சான்றிதழும் வாங்கித் தருகிறேன்’ என்று ஒருவர் வருவார். வாசலோடு அனுப்பிவிடுங்கள். மாட்டினால் அவர் போனை எடுக்கவே மாட்டார்.

உண்மையான ஆபத்து ஏஜென்ட் பில்லில்தான். அவர் கூலி 6,000, ரசீதோடு துறைமுகக் கட்டணம் 8,700, ‘இதர செலவு’ 4,000 என்று வைத்துக்கொள்வோம். ரசீதுள்ள செலவு கன்டெய்னருக்குக் கன்டெய்னர் மாறும். இந்த 4,000 மட்டும் ஒவ்வொரு முறையும் அசையாமல் நிற்கும். ஆடிட்டர் ஆறு பில்லை வரிசையாக வைத்தாலே தெரிந்துவிடும். உங்களுக்காக ஏஜென்ட் கொடுத்தாலும் ஊழல் தடுப்புச் சட்டம் 9ஆம் பிரிவில் நிறுவனத்தைப் பிடிக்கும். வேலையை விரைவுபடுத்தக் கொடுத்த சின்னத் தொகைக்கும் பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டத்தில் விலக்கில்லை.

ரொக்க வவுச்சரிலும் இதே பார்வைதான். 10,000க்கு மேல் ரொக்கம் கூடாது என்று அடுத்தடுத்த நாளில் 9,500, 9,800 என்று பிரித்திருந்தால், பணம் கேட்டவரே கையெழுத்தும் போட்டு அனுமதித்திருந்தால், அதை முதலில் எடுப்பார்.

ஒரு விலக்கு உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால், கொடுத்த ஏழு நாளுக்குள் போலீசிலோ விசாரணை அமைப்பிலோ புகார் சொல்ல வேண்டும். 2018 திருத்தம் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் சேர்த்தது இது. ‘வேறு வழியில்லை, கொடுத்தோம்’ என்று ஆடிட்டரிடம் சொன்னால் போதாது. எட்டாம் நாள் ஞாபகம் வந்தாலும் போதாது. ஏஜென்ட்டிடம் சொன்னது புகார் ஆகாது. சரி, கன்டெய்னருக்கு வாடகை ஏறிக்கொண்டிருக்கும்போது எந்த வியாபாரி ஸ்டேஷன் படி ஏறுவார்? சட்டம் எழுதியவர்கள் ஒரு நாளாவது சரக்கோடு துறைமுகத்தில் நின்றிருக்க வேண்டும். ஆனாலும் தேதியோடு ஒப்புகைச் சீட்டு இருந்தால்தான் அந்த விலக்கு.

அடுத்த பில்லில் ‘இதர செலவு’ வந்தால், ரசீது வரும்வரை அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவையுங்கள். காரணத்தை ஏஜென்ட்டுக்கு எழுத்தில் அனுப்பி, நகலை ஃபைலில் வையுங்கள்.