அகவிலைப்படி 3% ஏறியும் ரூ.958 வரவில்லையே?

ஏற்காட்டில் அரசு வேலை. அடிப்படை ஊதியம் ரூ.20,600, அகவிலைப்படி 55%-லிருந்து 58%. இரண்டும் சேர்ந்து முன்பு வந்த ரூ.31,930-க்கு 3% போட்டால் ரூ.958 வருகிறது. கையில் கூடுதலாக வந்தது ரூ.556 தான். ஏன்?

பழைய அகவிலைப்படியையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டீர்கள். அந்த 3% அடிப்படை ஊதியத்துக்கு மட்டும்தான். 20,600-ல் 55% என்றால் ரூ.11,330, 58% என்றால் ரூ.11,948. கூடுவது ரூ.618, அடிப்படை ஊதியமும் புதிய அகவிலைப்படியும் சேர்ந்து ரூ.32,548. வீட்டு வாடகைப்படி அகவிலைப்படியோடு ஏறாது. மலைப்பகுதிக்கான படியும் அப்படித்தான்.

சரி, மீதி 62 ரூபாய்? நீங்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பீர்கள். அடிப்படை ஊதியம், அகவிலைப்படி இரண்டையும் கூட்டி அதில் 10% பிடிப்பார்கள். முன்பு ரூ.3,193, இப்போது ரூ.3,255. களஞ்சியம் செயலியில் இரண்டு மாதச் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் வைத்து, பிடித்தம் பகுதியைப் பாருங்கள்.