4.4 ஸ்டார் பொருளுக்குத்தான், விற்பவருக்கு இல்லை

கேள்வி: வாசலில் மாட்டியிருக்கும் வைஃபை கேமராவுக்கு 128 ஜிபி மெமரி கார்டு வாங்க அமேசானில் பார்த்தேன். நல்ல பிராண்டுதான். ஒரே பக்கத்தில் ஒருவர் 1,049 ரூபாய்க்கும் இன்னொருவர் 579 ரூபாய்க்கும் தருகிறார்கள். 4.4 ஸ்டார், ஆயிரக்கணக்கில் ரிவ்யூ இருக்கிறது. ரெண்டுமே அமேசான் குடோனிலிருந்துதான் வரும் என்று போட்டிருக்கிறது. 579-க்கே வாங்கிவிடலாமா, இல்லை டூப்ளிகேட்டாக இருக்குமா? ரெண்டு விற்பனையாளர் பக்கங்களின் ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பியிருக்கிறேன் சார். (வாசகி, ஈரோடு)

பதில்: 579 ரூபாய் கார்டு வேண்டாம். விலை குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, நீங்கள் அனுப்பிய படங்களில் அதைவிடப் பெரிய காரணங்கள் இருக்கின்றன.

முதலில் அந்த 4.4 ஸ்டார். அது அந்த மாடல் கார்டுக்கு, இத்தனை வருடமாக யார் யாரிடமோ வாங்கியவர்கள் எல்லோரும் சேர்ந்து கொடுத்த மதிப்பெண். ஒரு பொருளுக்கு ஒரு பக்கம்தான், அந்தப் பக்கத்தின் கீழ் பத்து பேர் வந்து நின்று விற்கலாம், நேற்றுக் கடை திறந்தவருக்கும் அதே ஸ்டார்தான் தெரியும். அதனால் அந்த எண்ணைப் பார்த்து இந்த விற்பனையாளரைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது. அப்புறம், அமேசான், ஃபிளிப்கார்ட் மாதிரி வெளிநாட்டு முதலீடு உள்ள சந்தைத் தளங்கள் நம் நாட்டில் தாங்களே சரக்கு வைத்து மக்களுக்கு நேரடியாக விற்க மத்திய அரசின் முதலீட்டு விதிகளில் அனுமதி இல்லை. அங்கே மெமரி கார்டு மாதிரிப் பொருளை வாங்கினால் விற்பவர் ஒரு தனி வியாபாரி. குடோனிலிருந்து வருகிறது என்றால் அந்த வியாபாரி தன் சரக்கை அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார், பேக் செய்து அனுப்புவது தளத்தின் வேலை, அவ்வளவுதான். சீக்கிரம் வரும், திருப்பி அனுப்புவது சுலபம் என்பதெல்லாம் உண்மை. உள்ளே இருப்பது அசல் என்று அது சொல்வதில்லை.

ஆகவே பார்க்க வேண்டியது `Sold by` என்ற வரிக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரை. அதைத் தொட்டால் அந்த வியாபாரியின் பக்கம் திறக்கும். நீங்கள் அனுப்பியது அந்தப் பக்கம்தான், ஆனால் மேலே இருக்கும் மொத்த மதிப்பெண்ணை மட்டும் வட்டமிட்டிருக்கிறீர்கள். 579 ரூபாய்க்காரருக்கு மொத்தக் காலத்துக்கும் சேர்த்து 93 சதவீதம் நல்ல கருத்து. அதே பெட்டியில் கடைசி 30 நாளைப் பாருங்கள், 58 சதவீதம். நன்றாக நடந்த கடை திடீரென்று இப்படி விழுந்தால் அங்கே ஏதோ மாறியிருக்கிறது. என்ன மாறியது என்பதும் உங்கள் படத்திலேயே இருக்கிறது: பழைய கருத்துகள் எல்லாம் போன் கவர், டெம்பர் கிளாஸ் பற்றி, கடந்த ரெண்டு மாதக் கருத்துகள் மெமரி கார்டு, இயர்பட்ஸ் பற்றி. சின்னச் சின்னப் பொருள் விற்றுப் பெயர் சேர்த்த கணக்கில், கள்ளச் சரக்கு அதிகம் புழங்கும் பொருட்கள் திடீரென்று பாதி விலைக்கு இறங்குவது நல்ல அறிகுறி இல்லை. நேர்மையாகத் தொழிலை மாற்றியவராகவும் இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விலை, கடைசி மாத மதிப்பெண், புதிதாக விற்கும் பொருள் மூன்றும் ஒரே பக்கம் கை காட்டும்போது நான் அந்தக் கடையில் வாங்க மாட்டேன்.

கருத்துகளைப் படிக்கும்போது இன்னொன்று. சில மோசமான கருத்துகள் மேல் கோடு போட்டு அடித்திருக்கும், டெலிவரிக்குத் தாங்கள் பொறுப்பு என்று தளம் கீழே எழுதியிருக்கும், அவை விற்பவரின் மதிப்பெண்ணில் சேர்வதில்லை. லேட்டாக வந்தது, டப்பா நசுங்கியது என்பதற்கு அது சரி. ஆனால் அடித்த வரிக்குள்ளேயும் படியுங்கள், "டெலிவரி லேட், கார்டும் போலி" என்று ஒரே மூச்சில் எழுதியவர்களின் கருத்தும் கோட்டுக்கு அடியில் போய்விடும்.

1,049 ரூபாய்க்காரரின் மொத்த மதிப்பெண் 89 சதவீதம், மற்றவரைவிடக் குறைவுதான். ஆனால் 30 நாள், 90 நாள், 12 மாதம் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட அதே எண், குறை சொன்னவர்கள் பெரும்பாலும் டெலிவரியைத்தான் சொல்லியிருக்கிறார்கள், எல்லாக் காலத்திலும் விற்றது இதே வகைப் பொருள். என் கணக்கில் இவர்தான் நம்பத் தகுந்தவர். இதற்கும் முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அந்த பிராண்டின் இணையதளத்துக்குப் போய் அங்கீகரிக்கப்பட்ட ஆன்லைன் விற்பனையாளர் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அதில் உள்ள பெயரும் `Sold by` பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

போலி மெமரி கார்டு எப்படி ஏமாற்றுகிறது என்று தெரிந்தால் நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது புரியும். உள்ளே இருக்கும் சிப் 8 ஜிபியோ 16 ஜிபியோதான் இருக்கும், ஆனால் அதைக் கட்டுப்படுத்தும் சின்ன மென்பொருளை மாற்றி, போனிடமும் கம்ப்யூட்டரிடமும் "நான் 128 ஜிபி" என்று சொல்ல வைத்திருப்பார்கள். போட்ட உடனே 128 என்றுதான் காட்டும். (அசல் கார்டே விண்டோஸில் 119 ஜிபி அளவுக்குத்தான் காட்டும், அது கணக்கிடும் முறையில் வரும் வித்தியாசம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.) உண்மையான இடம் தீர்ந்த பிறகு எழுதுவது பழையதன் மேலேயே விழும், அல்லது எங்கேயும் பதியாமல் போகும். கோப்பின் பெயர் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. போட்டோ எடுப்பவர்களாவது சில நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்கள் கேமரா தன்பாட்டுக்குப் பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் பதிந்துகொண்டே இருக்கும், யாரும் தினமும் திறந்து பார்ப்பதில்லை, திருட்டோ விபத்தோ நடந்து அந்த நேரத்து வீடியோவைத் தேடும் நாளில்தான் அது இல்லை என்று தெரியும். அதற்குள் திருப்பி அனுப்பும் காலம் எப்போதோ முடிந்திருக்கும்.

அதனால் யாரிடம் வாங்கினாலும் சரி, வந்த அன்றைக்கோ மறுநாளோ சோதித்துவிடுங்கள். பார்சலில் ஒட்டியிருக்கும் முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி, கார்டு வெளியே வரும்வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். அட்டையில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, மாதம் வருடம், அதிகபட்ச விலை, வாடிக்கையாளர் தொடர்பு எண் எல்லாம் அச்சிலோ ஸ்டிக்கரிலோ இருக்க வேண்டும், இறக்குமதியான பொட்டலப் பொருளுக்கு அது சட்டப்படி கட்டாயம். இறக்குமதியாளர் விவரமே இல்லை என்றால் ஒன்று போலி, இல்லாவிட்டால் வேறு வழியாக வந்த அசல். பின்னதில் கார்டு நன்றாகவே வேலை செய்யலாம், ஆனால் இங்கே வாரன்டி கேட்டுப் போனால் கைவிரிக்க வாய்ப்பு அதிகம்.

அடுத்தது முக்கியமான சோதனை. கார்டு ரீடர் உள்ள விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும், வீட்டில் இல்லையென்றால் தெரிந்தவர்களிடம் ஒரு மாலை கேளுங்கள். h2testw என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. காலிக் கார்டைத் தேர்ந்தெடுத்து `all available space` வைத்து `Write + Verify` அழுத்தினால், கார்டு முழுவதையும் தரவால் நிரப்பிவிட்டுத் திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும். நொடிக்கு 20 எம்பி வேகத்தில் 128 ஜிபியை எழுத மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும், படிக்கவும் நேரம் வேண்டும், அதனால் சாப்பாட்டுக்கு முன் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். முடிவில் `Test finished without errors` என்று வந்தால் கொள்ளளவு உண்மை. `The media is likely to be defective` என்று வந்து, சில ஜிபி மட்டும் சரி, மீதி போயிற்று என்று காட்டினால் சந்தேகமே வேண்டாம், திருப்பி அனுப்ப வேண்டியதுதான். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு F3 இருக்கிறது. கார்டு இருக்கும் இடத்தைக் கொடுத்து இப்படி ஓட்டலாம்:

```
f3write /media/card
f3read /media/card
```

`Data LOST` என்ற வரியில் பூஜ்யம் இருந்தால் நல்லது.

இந்தச் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. கொள்ளளவு சரியாக இருந்தாலும் மட்டமான கார்டில் பெரிய பிராண்டின் பெயரை அச்சடித்திருக்கலாம். அதைப் பிடிக்க எழுதும் வேகத்தைப் பாருங்கள், h2testw அதையும் காட்டும். கார்டில் V30 அல்லது U3 என்று இருந்தால் தொடர்ந்து நொடிக்கு 30 எம்பியாவது எழுத வேண்டும். பழைய ரீடர் கொஞ்சம் இழுக்கும், ஆனால் 8, 9 எம்பியில் தவழ்ந்தால் அது ரீடரின் குற்றமாக இருப்பது அபூர்வம், இன்னொரு ரீடரில் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு கார்டின் இருபக்கப் படம், அதில் அச்சிட்ட எண், பில் மூன்றையும் பிராண்டின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சலில் அனுப்பி, இது உங்கள் தயாரிப்புதானா என்று கேளுங்கள். "எங்களுடையது இல்லை" என்று பதில் வந்தால் அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

பில்லில் விற்றவரின் 15 எழுத்து ஜிஎஸ்டி எண் இருக்கும். services.gst.gov.in தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் சட்டப்படியான பெயர், பதிவு செய்த தேதி, பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் வரும். பதிவு ரத்து என்று காட்டினாலோ, பெயர் வேறாக இருந்தாலோ திருப்பி அனுப்ப யோசிக்கவே வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் ஆள் நல்லவர் என்று ஆகிவிடாது, புகார் கொடுக்க நிஜமான ஒரு பெயரும் முகவரியும் உங்கள் கையில் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

போலி என்று தெரிந்துவிட்டால் வேறு கார்டு தருகிறோம் என்பார்கள். வேண்டாம், அதே ஆளிடமிருந்து அதே சரக்குதான் வரும், பணத்தைக் கேளுங்கள். 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, போலியான பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்கவும் பணத்தைத் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அதிகாரிக்குச் சோதனை முடிவின் ஸ்கிரீன்ஷாட்டோடு எழுதுங்கள், 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேல் போக வேண்டி வந்தால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரில் தொடுக்கும் உரிமை 2019 சட்டத்தில் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

பணம் திரும்பி வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். பலரும் பொருளின் பக்கத்தில் "போலி" என்று ரிவ்யூ எழுதிவிட்டு விட்டுவிடுகிறார்கள், அது ஆயிரம் ரிவ்யூவோடு கலந்துவிடும், நல்ல சரக்கு விற்பவரையும் சேர்த்து அடிக்கும். உங்கள் ஆர்டருக்குள் விற்பனையாளருக்குத் தனியாகக் கருத்து எழுதும் இடம் உண்டு, அங்கே எழுதுங்கள். டெலிவரி பற்றி ஒரு வார்த்தையும் சேர்க்காமல், "128 என்று விற்றது, சோதனையில் உண்மையான அளவு இவ்வளவுதான்" என்று மட்டும்.